மூன்று மடங்கானால் 200 சதவீதம்: அந்த நூறு எங்கே போனது?

2023 ஜூலையில் சமையல் செய்த யாருக்கும் தக்காளி விலை மறந்திருக்காது. சென்னையில் சில்லறை விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. தமிழக அரசு பண்ணை பசுமை கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. அந்த மாதத்துக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டை ஒன்றிய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஆகஸ்ட் 14 அன்று வெளியிட்டது. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், 2022 ஜூலையைவிடத் தக்காளி விலை 201 சதவீதத்துக்குச் சற்று மேல் உயர்ந்திருந்தது. ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது என்பதே இதன் பொருள்.

இங்கேதான் பலருக்கும் சந்தேகம் வருகிறது. ஒரு மடங்கு என்றால் நூறு சதவீதம், மூன்று மடங்கு என்றால் முந்நூறு. அப்படியிருக்க, அறிக்கையில் இருநூறு என்று எப்படி வந்தது? அரசு கணக்கைக் குறைத்துக் காட்டுகிறதா, அல்லது மூன்று மடங்கு என்பது மிகைப்படுத்திய பேச்சா? இரண்டும் இல்லை. மூன்று மடங்கும் சரி, 200 சதவீத உயர்வும் சரி. 300 என்ற எண்ணுக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு, ஆனால் அது வேறொரு கேள்விக்கான விடை.

நம் ஊரில் வீட்டுக்கு மாடி எண்ணும் வழக்கத்தைப் பாருங்கள். தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டை யாரும் ஒரு மாடி வீடு என்று சொல்வதில்லை. அதன் மேல் ஒன்று எழுப்பினால் அது மாடி வீடு. இரண்டு எழுப்பினால் இரண்டு மாடி வீடு. தெருவில் நின்று எண்ணினால் மூன்று தளங்கள் தெரியும். ஆனால் கொத்தனாரிடம் கேட்டால், தான் கட்டிச் சேர்த்தது இரண்டு என்பார். தரைத்தளம் ஏற்கெனவே இருந்தது, அதை அவர் கணக்கில் சேர்க்க மாட்டார்.

தக்காளிக் கணக்கும் இதேதான். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று பழைய விலை 30 ரூபாய், புதிய விலை 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 90 என்பது மூன்று முப்பது. அதில் ஒரு முப்பது முன்பே நாம் கொடுத்துக்கொண்டிருந்த விலை, அதுதான் தரைத்தளம். மீதி 60 ரூபாய்தான் புதிதாக ஏறியது. உயர்வு எவ்வளவு என்று கேட்டால் இந்த 60-ஐ மட்டும் எடுத்து, அதைப் பழைய 30 ரூபாயால் அளக்க வேண்டும். 60 என்பது இரண்டு முப்பது, ஆகவே உயர்வு 200 சதவீதம். எந்த மதிப்பால் அளக்கிறோமோ அதை அடிமதிப்பு என்று சொல்லலாம். இங்கே 30 ரூபாய்தான் அடிமதிப்பு, அதுவே நூறு.

புதிய விலை பழைய விலையில் எத்தனை சதவீதம் என்று கேட்டால் விடை 300. அதாவது 300 என்பது இப்போது நிற்கும் வீட்டின் மொத்த உயரம், 200 என்பது புதிதாக எழுப்பிய உயரம். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு எப்போதும் சரியாக நூறு, ஏனென்றால் தரைத்தளம் எப்போதும் ஒன்றுதான். விலை இரு மடங்கானால் உயர்வு 100 சதவீதம், நான்கு மடங்கானால் 300, பத்து மடங்கானால் 900. திருப்பிச் செய்வதும் எளிது. செய்தியில் 450 சதவீத உயர்வு என்று வந்தால், தரைத்தளத்துக்கான நூறைச் சேர்த்து 550 ஆக்குங்கள், ஐந்தரை மடங்காகியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இவ்வளவு எளிய கணக்கில் ஏன் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள்? நூற்றுக்குக் கீழே இந்தத் தடுமாற்றம் யாருக்கும் வருவதில்லை. பஸ் கட்டணம் 20 சதவீதம் உயர்ந்தது என்று சொன்னால், கட்டணம் பழையதில் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது என்று எவரும் புரிந்துகொள்ள மாட்டார்கள். உயர்வாகப் படித்தால் கட்டணம் கூடுகிறது, மொத்தமாகப் படித்தால் குறைகிறது. இரண்டு வாசிப்பும் எதிரெதிர்த் திசையில் போவதால் தவறான வாசிப்பு தானாகவே உதிர்ந்துவிடும். நூற்றைத் தாண்டியதும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. 200 என்பதை உயர்வாகப் படித்தால் மூன்று மடங்கு, மொத்தமாகப் படித்தால் இரண்டு மடங்கு. இரண்டுமே விலையேற்றம்தான், இரண்டுமே நடக்கக்கூடியவை. எண்ணை மட்டும் பார்த்து எது சரி என்று கண்டுபிடிக்க வழியில்லை.

அப்போது கைகொடுப்பது எண்ணுக்குப் பின்னால் வரும் சிறு ஒட்டுதான். விலை 200 சதவீதம் உயர்ந்தது என்றால் மூன்று மடங்கு. விலை பழைய விலையில் 200 சதவீதமாக உயர்ந்தது என்றால் இரண்டு மடங்கு. தமிழில் 'ஆக' என்பது போய்ச் சேர்ந்த இடத்தைக் காட்டும், அது இல்லையென்றால் ஏறிய தூரத்தைக் காட்டும். அவசரத்தில் எழுதப்படும் செய்திகளில் இந்த ஒட்டு விழுந்துவிடுவதைக் காண்கிறோம். ஒரு எழுத்துப் பிழை போலத் தெரிந்தாலும் அது ஒரு முழு மடங்கையே மாற்றிவிடுகிறது.

இந்தக் குழப்பத்தால் ஏற்படும் சேதம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருப்பதில்லை. 5000 சதவீத உயர்வு என்றால் சரியான விடை 51 மடங்கு. அதைத் தவறாக 50 மடங்கு என்று புரிந்துகொண்டாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. 1000 சதவீதத்தில் 11-க்குப் பதில் 10 என்று எடுத்துக்கொள்வோம், சிறிய பிழைதான். ஆனால் 200 சதவீதத்தில் மூன்றுக்குப் பதில் இரண்டு என்று எடுத்துக்கொண்டால் உண்மையில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. 100 சதவீதத்தில் பிழை உச்சத்தைத் தொடுகிறது. அங்கே சரியான வாசிப்பு இரு மடங்கு, தவறான வாசிப்பில் எதுவுமே மாறவில்லை. ஆக, மிகப் பெரிய சதவீதங்களைவிட 100-க்கும் 300-க்கும் இடைப்பட்டவற்றில்தான் நாம் நின்று நிதானித்துப் படிக்க வேண்டும். அன்றாடச் செய்திகளில் விலை, மழை, வருமானம் பற்றி அதிகம் தென்படுவதும் இந்த இடைவெளியில் உள்ள எண்களே.

தக்காளி எண் எப்படிக் கிடைத்தது என்பதையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அங்கே இன்னொரு பொறி இருக்கிறது. நுகர்வோர் விலைக் குறியீட்டுக்காக நாடு முழுவதும் 1,114 நகரச் சந்தைகளிலும் 1,181 கிராமங்களிலும் களப் பணியாளர்கள் விலை சேகரித்து வந்தார்கள். அந்த விலைகளைத் தொகுத்து, 2012-ஆம் ஆண்டு விலையை நூறு என்று வைத்துக்கொண்டு, அந்த மாதம் எவ்வளவு என்று ஒரு எண்ணைத் தந்து வந்தார்கள். அதுதான் குறியீடு. எல்லாப் பொருள்களுக்கும் சேர்த்து 2022 ஜூலையில் இந்தக் குறியீடு 173.4. 2023 ஜூலையில் அது 186.3.

இந்த இரண்டு எண்களும் மொத்த உயரங்கள் என்பதைக் கவனியுங்கள், ஏறிய உயரங்கள் அல்ல. 186.3 என்றால் விலைவாசி 2012-ஐ விட 186.3 சதவீதம் கூடிவிட்டது என்று பொருள் கிடையாது. தரைத்தளமான நூறைக் கழித்தால்தான் கூடியது எவ்வளவு என்று தெரியும், அது 86.3 சதவீதம். அடுத்து, 186.3-இலிருந்து 173.4-ஐக் கழித்தால் 12.9 வருகிறது. அப்படியானால் அந்த ஆண்டில் பணவீக்கம் 12.9 சதவீதமா? இல்லை. அந்த 12.9-ஐ 2012-ஆம் ஆண்டுத் தரைத்தளத்தால் அளந்திருக்கிறோம். நமக்கு வேண்டியது 2022 ஜூலையோடு ஒப்பீடு, ஆகவே 173.4-ஆல் அளக்க வேண்டும். 12.9-ஐ 173.4-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 7.44. அன்று அரசு அறிவித்த பணவீக்கமும் இதே 7.44 சதவீதம்தான். பத்திரிகையில் வரும் எந்தக் குறியீட்டையும் இப்படி ஒரு முறை வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிடலாம், கால்குலேட்டர் போதும்.

தக்காளியின் 201 சதவீதத்துக்கும் அடிமதிப்பு 2022 ஜூலைதான். அந்த மாதம் தக்காளி மலிவாக இருந்ததும் இந்த எண் இவ்வளவு பெரிதாக வந்ததற்கு ஒரு காரணம். 2023 ஜூன் மாதக் கணக்கில் தக்காளி முந்தைய ஆண்டு ஜூனைவிட மலிவாகவே இருந்தது. அடுத்த மாதமே 201. சந்தையில் விலை உண்மையாகவே தாவியது, கூடவே ஒப்பிடப் பயன்பட்ட தரைத்தளமும் தாழ்ந்தது. எந்தச் சதவீதத்தைக் கண்டாலும், எதை நூறு என்று வைத்தார்கள் என்று முதலில் தேட வேண்டியிருப்பது இதனால்தான்.

விலை ஏறியதைப் பார்த்தோம். இறங்கும்போது கணக்கு எப்படி? 30 ரூபாயிலிருந்து 90-க்குப் போனது 200 சதவீத உயர்வு. மீண்டும் 30-க்கே வந்துவிட்டால் அது 200 சதவீத வீழ்ச்சி என்று சொல்லத் தோன்றும். அது முடியவே முடியாது. இறங்கத் தொடங்கும்போது நூறு என்பது 90 ரூபாய். அதில் 60 குறைந்தால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறக்குறைய 67 சதவீதம். நிற்கிற மூன்று தளங்களில் இரண்டை இடித்தால் இருக்கும் வீட்டில் மூன்றில் இரண்டு போனது என்போம் அல்லவா? எல்லாவற்றையும் இடித்தாலும் 100 சதவீதம்தான் போகும், அதற்கு மேல் இடிக்க வீடு இல்லை. எடை, விலை, மழை போலப் பூஜ்யத்துக்குக் கீழே போகாத எதுவும் 100 சதவீதத்துக்கு மேல் குறையாது. விலை 150 சதவீதம் குறைந்தது என்று யாரேனும் எழுதினால், கடைக்காரர் பொருளையும் கொடுத்துக் கையில் காசும் கொடுத்தார் என்றுதான் அதற்கு அர்த்தம். லாபம் வேறு வகை. அது நஷ்டமாக மாறி பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடியது என்பதால் அங்கே 150 சதவீத வீழ்ச்சி நடக்கும்.

மேலே கூரை இல்லை, கீழே மட்டும் தரை உண்டு. இந்தச் சமமின்மையை மிக அழகாகக் காட்டுவது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழைப் பட்டியல். ஒவ்வொரு இடத்துக்கும் பல ஆண்டுச் சராசரியிலிருந்து கணக்கிட்ட இயல்பு மழை ஒன்று உண்டு. பெய்த மழை அதிலிருந்து எத்தனை சதவீதம் விலகியது என்று துறை குறிப்பிடும். இயல்பைவிட 19 சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் இயல்பு மழை என்றே கொள்ளப்படும். 20 முதல் 59 வரை கூடினால் மிகை, 60-ஐத் தொட்டுவிட்டால் பெருமிகை. அதற்கு மேல் வேறு படியே கிடையாது, 60 சதவீதமும் 600 சதவீதமும் ஒரே பெயரில்தான் வரும். கீழ்ப்பக்கம் 20 முதல் 59 வரை குறைவு, 60 முதல் 99 வரை பெருங்குறைவு, சரியாக 100 குறைந்தால் மழையே இல்லை. கீழ்ப்பக்கத்தின் கடைசி எண் 100 என்று யாரும் ஆணையிட்டு வைக்கவில்லை, ஒரு துளியும் பெய்யாத நிலைக்குக் கீழே பெய்வதற்கு ஒன்றுமில்லை என்பதுதான் காரணம்.

சென்னை மறக்காத ஒரு மாதத்தை இந்தப் பட்டியலில் வைத்துப் பார்க்கலாம். 2015 நவம்பரில் நகரில் 1,049 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 1918 நவம்பரில் பெய்த 1,088 மில்லிமீட்டருக்குப் பிறகு அந்த மாதத்தில் அவ்வளவு பெய்ததில்லை. நவம்பருக்கான இயல்பு ஏறக்குறைய 407. பெய்ததை இயல்பால் வகுத்தால் 2.58 வருகிறது. ஆகவே இயல்பில் 258 சதவீதம் பெய்தது என்று சொல்லலாம், அது மொத்த உயரம். கூடுதலாகப் பெய்தது 642 மில்லிமீட்டர், அது இயல்பைவிட 158 சதவீதம் அதிகம். வானிலைத் துறையின் விலகல் கணக்கில் இடம்பெறுவது 158. ஒரு பத்திரிகை 258 என்றும் இன்னொன்று 158 என்றும் எழுதினால் இரண்டுமே உண்மையாக இருக்கலாம். 258 சதவீதம் அதிகம் என்று எழுதினால்தான் பிழை. அப்படிப் பெய்திருக்க வேண்டுமானால் சென்னையில் அந்த மாதம் கிட்டத்தட்ட 1,457 மில்லிமீட்டர் விழுந்திருக்க வேண்டும். ஒரு சொல்லில் 400 மில்லிமீட்டர், அதாவது ஒரு முழு நவம்பரின் இயல்பு மழை, கற்பனையாகச் சேர்ந்துவிடுகிறது.

அதே சென்னையில் கோடைக்கு முந்தைய வறண்ட மாதங்களில் இயல்பு மழை சில மில்லிமீட்டர்தான். அப்போது ஒரு மாலைத் தூறலே 200 சதவீத மிகையைக் காட்டிவிடும், பட்டியலில் அதுவும் பெருமிகை என்றே இருக்கும். மாடியில் காயப்போட்ட துணி நனைந்திருக்கும், ஏரியில் ஒரு அங்குலம் கூட ஏறியிருக்காது. தரைத்தளம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு எளிதாக மாடிகள் எழும். பெரிய சதவீதத்தைக் கண்டு திகைப்பதற்கு முன் மில்லிமீட்டரிலோ ரூபாயிலோ அது எவ்வளவு என்று கேட்பது இங்கே மிக அவசியம்.

சதவீதங்களைக் கூட்டிச் சராசரி எடுப்பதிலும் இதே ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஓர் ஊரின் இயல்பு மழை 10 மில்லிமீட்டர், பெய்தது 30 என்று வைப்போம். மூன்று மடங்கு, 200 சதவீத மிகை. இன்னொரு ஊரின் இயல்பு 400, பெய்தது 200. 50 சதவீதக் குறைவு. இரண்டு சதவீதங்களையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 75 சதவீத மிகை என்று வரும், கேட்கச் செழிப்பாக இருக்கும். மழையையே கூட்டிப் பாருங்கள். 410 பெய்ய வேண்டிய இடத்தில் 230 பெய்திருக்கிறது, 44 சதவீதப் பற்றாக்குறை. மேலே கூரை இல்லாததால் ஒரு பெரிய மிகைச் சதவீதம் பல குறைவுகளை விழுங்கிவிடுகிறது. அதனால்தான் வானிலைத் துறை முதலில் இடங்களின் பரப்பளவுக்கேற்ப மழையைச் சராசரியாக்கி, அதன் பிறகே விலகலைக் கணக்கிடுகிறது.

அடுத்தடுத்து வரும் உயர்வுகளையும் கூட்டக் கூடாது. ஒரு மனையின் விலை பத்தாண்டில் 200 சதவீதம் உயர்ந்தது, அடுத்த பத்தாண்டில் மீண்டும் 200 சதவீதம் உயர்ந்தது என்றால் மொத்த உயர்வு 400 அல்ல. இரண்டாம் முறை அளக்கும்போது எழுந்து நிற்கும் மூன்று தளங்களும் சேர்ந்து புதிய தரைத்தளமாகிவிடுகின்றன. மூன்று மடங்கின் மூன்று மடங்கு ஒன்பது மடங்கு, உயர்வு 800 சதவீதம். ஒரு லட்சத்துக்கு வாங்கிய மனை ஒன்பது லட்சமாகிறது, கூட்டிப் போட்டவர் அதை ஐந்து லட்சம் என்று நினைத்திருப்பார். நீண்ட காலச் சதவீதங்களை மடங்காக மாற்றி, மடங்குகளைப் பெருக்கி, கடைசியில் சதவீதமாக்கி ஒரே ஒரு முறை நூறைக் கழிப்பதுதான் பிழையில்லாத வழி.

இனி, நூற்றுக்கு மேல் போகவே கூடாத சதவீதங்களும் இருக்கின்றனவா? ஒரு முழுமையின் பகுதியைச் சொல்லும் சதவீதங்கள் அப்படிப்பட்டவை. ஒரு வகுப்பில் தேர்ச்சி பெற்றவர்கள் அந்த வகுப்பிலிருந்தே வருகிறார்கள், ஆகவே தேர்ச்சி நூறைத் தாண்டாது. ஆனால் பகுதி போலத் தோற்றமளித்து உண்மையில் பகுதியாக இல்லாதவையும் உண்டு. கல்வித் துறை வெளியிடும் மொத்தச் சேர்க்கை விகிதம் அத்தகையது. 2021-22-இல் நாட்டின் தொடக்கப் பள்ளிகளுக்கு அது 103.4 சதவீதம். நூறு குழந்தைகள் இருந்தால் நூற்று மூன்று பேர் எப்படிப் பள்ளியில் இருக்க முடியும் என்று கேட்கத் தோன்றும். அந்த விகிதத்தின் கீழே இருப்பது தொடக்கப் பள்ளி வயதில் உள்ள குழந்தைகளின் எண்ணிக்கை. மேலே இருப்பது அந்த வகுப்புகளில் சேர்ந்துள்ள எல்லாக் குழந்தைகளும், அவர்கள் எந்த வயதினராக இருந்தாலும் சரி. ஐந்து வயதிலேயே முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தையும், பதினொரு வயதில் ஐந்தாம் வகுப்பில் இருக்கும் குழந்தையும் மேலே எண்ணப்படுகிறார்கள், கீழே எண்ணப்படுவதில்லை. அதனால் 103.4 தவறல்ல. அதே சமயம் எல்லாக் குழந்தைகளும் பள்ளியில் இருக்கிறார்கள் என்பதற்கு அது சான்றும் அல்ல, வயது கடந்து படிப்பவர்கள் பள்ளிக்கே வராத சிலரின் இடத்தை நிரப்பியிருக்கலாம்.

இப்படிப்பட்ட எண்ணைச் சோதிக்க, மேலே எண்ணப்பட்ட ஒவ்வொருவரும் கீழேயும் எண்ணப்பட்டிருக்கிறார்களா என்று பார்த்தால் போதும். இல்லையென்றால் 103.4 வரலாம், 140 கூட வரலாம். எண்ணப்பட்டிருக்கிறார்கள் என்றால், உதாரணமாக ஒரு வாக்குச்சாவடியின் பட்டியலில் உள்ளவர்களில் வாக்களித்தவர்கள் என்றால், 100.1 வந்தாலும் எண்ணிக்கையை மறுபடி எடுக்கத்தான் வேண்டும்.